ரேட் கார்டில் எந்த வரி ஒழுகுகிறது? கிளையண்ட் சொல்வதை வைத்துக் கண்டுபிடித்துத் திருத்தும் முறை

சரிபார்த்துத் தரச் சொல்லி ஃப்ரீலான்சர்கள் அனுப்பும் ரேட் கார்டுகளில் தொகை அநேகமாகச் சரியாகவே இருக்கும். கோளாறு தொகைக்குப் பக்கத்தில் இருக்கும் அரை வரியில்தான். அந்த அரை வரியை எழுதியவர் ஒரு மாதிரி படிக்கிறார், பணம் கொடுப்பவர் இன்னொரு மாதிரி படிக்கிறார். இரண்டு பேரும் நேர்மையாகத்தான் படிக்கிறார்கள். சண்டை வருவது அதனால்தான்.

உதாரணத்துக்கு ப்ரோஷர் வடிவமைக்கும் ஒருவரின் கார்டிலிருந்து ஒரு பதிவை எடுத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட எல்லோருடைய கார்டிலும் இருக்கும் வடிவம் இது:

> ப்ரோஷர் வடிவமைப்பு, 8 பக்கம் வரை. 2 திருத்தங்கள் இலவசம். 5 நாட்களில் டெலிவரி. 50% அட்வான்ஸ், மீதி வேலை முடிந்ததும்.

படிக்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்கு வாக்கியமும் ஒழுகும். நீங்கள் மொழிபெயர்ப்பாளராகவோ வீடியோ எடிட்டராகவோ இருந்தால் பக்கத்துக்குப் பதில் சொல், நிமிடம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஓட்டைகள் அதே இடத்தில்தான் இருக்கும்.

கார்டை முதல் வரியிலிருந்து திருத்த ஆரம்பிக்க வேண்டாம். கடைசியாகத் தகராறு வந்த கிளையண்டின் மெயிலைத் திறந்து, அதில் மனதைக் குத்திய வாக்கியம் எது என்று பாருங்கள். அதற்குரிய அறிகுறிக்கு நேரே போங்கள். ஒவ்வொரு அறிகுறியிலும் ஒரு சொல்லை மாற்றினால் தீர்கிற காரணம் முதலிலும், செலவு வைக்கிற காரணம் கடைசியிலும் இருக்கும். எங்கே கோளாறு தீர்கிறதோ அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பழைய கார்டையும் அந்த மெயில் தொடரையும் அழிக்காதீர்கள். திருத்திய கார்டைச் சோதிக்க அவைதான் வேண்டும்.

## அறிகுறி 1: "இதுவும் சேர்த்துத்தானே?"

வேலை பாதியில் இருக்கும்போது வரும் கேள்வி இது. கேட்பவர் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார் என்று நினைப்பதற்கு முன்னால் கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

### எண்ணிக்கைக்கு அளவுகோல் இல்லை

"8 பக்கம் வரை" என்றால் எந்த அளவுப் பக்கம்? அட்டையின் நான்கு முகமும் அந்த எட்டில் சேர்த்தியா? ஐந்து பக்கம்தான் என்றால் கட்டணம் குறையுமா? "வரை" என்ற சொல் இருக்கும் இடத்தில் இந்தக் கடைசிக் கேள்வி தவறாமல் வரும்.

ஒன்பதாவது பக்கத்துக்கு என்ன கட்டணம் என்பதையும் சும்மா "கூடுதல் பக்கத்துக்கு இவ்வளவு" என்று எழுதிவிட முடியாது. நடுவில் ஸ்டேப்பிள் அடித்து மடிக்கும் ப்ரோஷரில் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் கூடும். கிளையண்ட் ஒரு பக்கம் கூடுதலாகக் கேட்டால் நீங்கள் பன்னிரண்டு பக்கத்துக்குத் தளவமைப்பு போட வேண்டியிருக்கும். அதனால் கார்டிலும் அலகு நான்கு பக்கமாக இருப்பதே நியாயம்: "A4 அளவில் 8 பக்கம், அட்டை உட்பட. பக்கம் குறைந்தாலும் கட்டணம் இதுவே. கூடும் ஒவ்வொரு 4 பக்கத்துக்கும் அடிப்படைக் கட்டணத்தில் 45%."

உங்கள் தொழிலிலும் இப்படி ஓர் இயற்கையான அலகு இருக்கும். மொழிபெயர்ப்பில் சொற்களை மூலத்தில் எண்ணுவதா, மொழிபெயர்த்த பிரதியில் எண்ணுவதா என்று சொல்லாவிட்டால் தொகையே மாறிவிடும். தமிழில் ஒட்டுச் சொற்கள் சேர்ந்து எழுதப்படுவதால் எண்ணிக்கை இறங்கும். மூலத்தில் எண்ணுவது நல்லது. வேலை தொடங்கும் முன்பே இருவருக்கும் தெரிந்த எண் அது ஒன்றுதான்.

### உள்ளே என்ன வர வேண்டும் என்று எழுதவில்லை

ப்ரோஷரில் எழுத்து இருக்கும், படங்கள் இருக்கும். இரண்டையும் யார் தருவது? கார்டு பேசாமல் இருந்தால் வடிவமைப்பாளர் தருவார் என்று கிளையண்ட் எடுத்துக்கொள்வது இயல்பு. "எழுத்துப் பிரதியைப் பிழை பார்த்து, ஒரே வேர்ட் ஃபைலில் கிளையண்ட் தர வேண்டும். படங்கள் அச்சிடும் அளவில் 300 டிபிஐ இருக்க வேண்டும். படங்களை விலைக்கு வாங்க வேண்டியிருந்தால் அந்தச் செலவு தனி" என்று மூன்று வாக்கியம் போதும். முதல் வாக்கியத்தில் "ஒரே" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பதினான்கு மெயிலில் துண்டு துண்டாக வரும் பிரதியைக் கோத்து எடுப்பதும் வேலைதான்.

### வெளியே என்ன போகும் என்று எழுதவில்லை

எந்த ஃபைல், எத்தனை, எந்த வடிவில்? "அச்சுக்கு ஒரு பிடிஎஃப், திரையில் பார்க்க ஒரு பிடிஎஃப்" என்று எழுதுங்கள். திருத்தக்கூடிய மூல ஃபைல் கட்டணத்தில் அடங்குமா என்று தனியாக ஒரு வரி வேண்டும். அடங்கும் என்றாலும் சரி, அடங்காது என்றாலும் சரி, வாய் திறந்து சொல்லிவிடுங்கள். எல்லாம் முடிந்து ஆறு மாதம் கழித்து மூல ஃபைல் கேட்டு வரும் மெயில்தான் நல்ல உறவுகளையும் கெடுக்கிறது.

### சோதனை

அந்தப் பதிவில் உள்ள பெயர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் அடிக்கோடு போடுங்கள். ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை, யார் தருவது, எந்த வடிவில்? பதில் கார்டிலேயே இல்லாத சொல்லெல்லாம் ஓட்டை. அப்புறம் "முழுமையான", "அடிப்படை", "தேவையான", "முதலியன" போன்ற சொற்களைத் தேடி நீக்குங்கள். நீக்கிய பிறகு வரியில் ஒன்றும் குறையவில்லை என்றால் அவை அங்கே சும்மா இருந்திருக்கின்றன. ஏதோ குறைகிறது என்றால் குறைவதை எண்ணாகவோ பொருளாகவோ எழுதுங்கள்.

"இவை அடங்காது" என்று ஒரு பட்டியல் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் இதுவரை யாராவது உண்மையில் கேட்டவற்றை மட்டும். யாருமே கேட்காததையெல்லாம் அடுக்கினால் கார்டு பயந்தவர் எழுதியது போலத் தெரியும்.

### வெளியாளைக் கூப்பிட வேண்டிய இடம்

கிளையண்ட் கேட்பது ஃபைலை அல்ல, காப்புரிமையை என்றால் இந்தக் கார்டைத் திருத்திப் பயனில்லை. கட்டணம் கொடுத்துச் செய்வித்த வேலையின் உரிமை யாருக்கு என்பது நாட்டுக்கு நாடு மாறும். பயன்பாட்டு உரிமையா, முழு உரிமை மாற்றமா என்ற வரியை மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 2: திருத்தம் முடியவே மாட்டேன் என்கிறது

அதிகம் பேர் கொண்டுவரும் கோளாறு இதுதான். பெரும்பாலானவர்கள் எண்ணைக் குறைத்துப் பார்க்கிறார்கள். 3 திருத்தம் என்பதை 2 ஆக்குகிறார்கள். எண்ணைக் குறைத்தால் தகராறு சீக்கிரம் வரும், அவ்வளவுதான். "திருத்தம்" என்று எதை எண்ணுகிறோம் என்பது எழுதப்படாதவரை எந்த எண் போட்டாலும் ஒன்றே.

ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். முதல் டிராஃப்ட் போய்விட்டது. கிளையண்ட் மெயிலில் 11 குறிப்புகள் அனுப்புகிறார். இரவு வாட்ஸ்அப்பில் இன்னும் 4 வருகிறது. மறுநாள் போனில், "சாருக்கு அந்தப் பச்சை பிடிக்கலையாம், கொஞ்சம் பாருங்க" என்கிறார். இது எத்தனை திருத்தம்? கிளையண்டைக் கேட்டால் இன்னும் ஒன்றுகூட முடியவில்லை. வடிவமைப்பாளரைக் கேட்டால் மூன்று முடிந்துவிட்டது, அதாவது இலவச எண்ணிக்கை தாண்டிவிட்டது. இன்னொருவர் பதினாறு என்றும் எண்ணலாம். "2 திருத்தங்கள்" என்ற வாசகத்தை வைத்து இதில் எந்தக் கணக்கையும் தவறு என்று சொல்ல முடியாது.

### குறிப்புகள் துண்டு துண்டாக வருகின்றன

மிக எளிய காரணம், ஒரு வரியில் தீர்வது. எண்ண வேண்டியது குறிப்பை அல்ல, சுற்றை. "ஒரு திருத்தச் சுற்று என்பது, ஒரு டிராஃப்ட் மீதான எல்லாக் குறிப்புகளும் ஒரே ஃபைலில் அல்லது ஒரே மெயிலில் சேர்ந்து வருவது. அது வந்த பிறகே திருத்தும் வேலை தொடங்கும்." இப்படி எழுதினால் மேலே உள்ள சம்பவத்தில் மெயில், வாட்ஸ்அப், போன் மூன்றும் சேர்ந்து ஒரே சுற்று. கிளையண்டுக்கும் இது நல்லதுதான், அவர் அவசரப்பட வேண்டியதில்லை. "இவ்வளவுதான், ஆரம்பிக்கலாம்" என்று அவர் சொன்ன பிறகு வரும் குறிப்பு அடுத்த சுற்றுக்குப் போகும்.

இதை எழுதிவிட்டு, வாட்ஸ்அப்பில் வந்த நான்கையும் இரவோடு இரவாக முடித்து அனுப்பினால் கார்டு செத்துவிடும். அனுப்ப வேண்டிய பதில் இதுதான்: "பார்த்தேன், மெயிலில் உள்ளவற்றோடு சேர்த்துக்கொள்கிறேன். வேறு எதுவும் இருக்கிறதா?"

### தீர்மானிப்பவர் யாரென்று தெரியவில்லை

அந்தச் "சார்" மூன்றாவது நாள்தான் வெளிச்சத்துக்கு வருகிறார். உங்களோடு பேசியவர் ஒத்துக்கொண்டதெல்லாம் அவர் முன்னால் செல்லாது. கார்டில் ஒரு வாக்கியம்: "குறிப்புகளையும் ஒப்புதலையும் தரும் ஒருவரின் பெயரை வேலை தொடங்கும் முன் கிளையண்ட் தெரிவிக்க வேண்டும். அவர் ஒப்புக்கொண்ட பிறகு மற்றவர் சொல்லும் மாற்றம் புதிய சுற்று." பெயரைக் கேட்பதே பாதி வேலையை முடித்துவிடும். கேட்கும்போதுதான் "ஓ, சாரும் பார்ப்பாரு" என்பது முன்கூட்டியே வெளியே வரும்.

### திருத்தம் என்ற பெயரில் புது வேலை

பச்சையை நீலமாக்குவது திருத்தம். "மொத்தமா வேற ஸ்டைல்ல பண்ணிப் பார்க்கலாமா" என்பது புது வேலை. நடுவில் எங்கே கோடு போடுவது? சொற்களால் போட முயன்றால் முடியாது; "சிறு மாற்றம்", "பெரிய மாற்றம்" என்று எழுதுபவர்கள் அடுத்த தகராறை இப்போதே எழுதி வைக்கிறார்கள். கோட்டை வேலையின் கட்டத்தில் போடுங்கள். முதலில் அட்டையும் ஓர் உள்பக்கமும் மட்டும் மாதிரியாகப் போகும். அதன் நிறம், எழுத்துரு, அமைப்பு மூன்றுக்கும் மெயிலில் ஒப்புதல் வந்த பிறகே மற்றப் பக்கங்கள். "மாதிரிக்கு ஒப்புதல் தந்த பிறகு நிறம், எழுத்துரு, அமைப்பு ஆகியவற்றை மாற்றினால் அது திருத்தச் சுற்றில் சேராது, தனிக் கட்டணம் முன்கூட்டிச் சொல்லப்படும்." மாதிரிக்கு முன்னால் கேட்டால் சுற்று, பின்னால் கேட்டால் புது வேலை. தேதியைப் பார்த்தாலே தீர்ந்துவிடும்.

இதற்கு ஒரு விலை உண்டு. வேலை இரண்டு டெலிவரியாகப் பிரிகிறது, ஒப்புதலுக்குக் காத்திருக்கும் நாட்கள் கூடுகின்றன. ஒரே நாளில் முடியும் சின்ன வேலைகளுக்கு இந்த வரி தேவையில்லை, வேறு பதிவாக வைத்துக்கொள்ளுங்கள்.

### உங்கள் பிழை யார் கணக்கில்?

கிளையண்ட் தந்த பிரதியில் சரியாக இருந்த போன் எண் உங்கள் டிராஃப்டில் தவறாகப் போயிருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டியதற்கு ஒரு சுற்றைக் கழித்தால் யாருக்கும் கோபம் வரும். "வடிவமைப்பாளரின் பிழையைச் சரிசெய்வது சுற்றில் சேராது" என்று எழுதிவிடுங்கள். கூடவே, "கிளையண்ட் தந்த பிரதியில் பின்னால் செய்யும் மாற்றம் சுற்றில் சேரும்." இரண்டும் அடுத்தடுத்து இருந்தால் கார்டு ஒரு பக்கம் சாய்ந்திருப்பதாகத் தோன்றாது.

### சுற்றுக்குக் காலாவதி இல்லை

ஒரு சுற்றைப் பயன்படுத்திவிட்டுக் காணாமல் போன கிளையண்ட் மூன்று மாதம் கழித்து வந்து இரண்டாவதைக் கேட்பார். "டிராஃப்ட் கிடைத்த 10 வேலை நாட்களுக்குள் குறிப்பு வராவிட்டால் அது ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும்." இந்த வரி பின்னால் பணம் வாங்குவதற்கும் உதவும். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஒரு நினைவூட்டல் அனுப்புவதாகவும் கார்டிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

இன்னொன்று, "இலவசம்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். இரண்டு சுற்றுக்கான நேரத்தை நீங்கள் தொகையில் ஏற்கெனவே சேர்த்திருக்கிறீர்கள். "கட்டணத்தில் 2 சுற்று அடக்கம், அதற்கு மேல் ஒவ்வொரு சுற்றுக்கும் அடிப்படைக் கட்டணத்தில் 15%" என்பதே உண்மை நிலவரம். மணிக்கணக்கில் வாங்குபவர்களும் இருக்கிறார்கள். சின்ன வேலைக்கு எனக்கு அது பிடிப்பதில்லை. எத்தனை மணி நேரம் ஆனது என்று இன்னொரு பேச்சுவார்த்தை தொடங்கிவிடும்.

### சோதனை

எடுத்து வைத்த பழைய மெயில் தொடரை, சம்பந்தமில்லாத ஒருவரிடம் புதிய வாசகத்தோடு கொடுங்கள். எத்தனை சுற்று என்று எண்ணச் சொல்லுங்கள். நீங்களும் தனியாக எண்ணுங்கள். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் எந்தக் குறிப்பில் பிரிந்தீர்கள் என்று பாருங்கள். மீதி ஓட்டை அங்கேதான்.

## அறிகுறி 3: "5 நாள் ஆச்சே, எங்கே?"

வியாழன் மாலை கிளையண்ட் அட்வான்ஸ் அனுப்புகிறார். வெள்ளிக்கிழமை எழுத்துப் பிரதி வருகிறது. படங்கள் திங்கள் பிற்பகல் 3 மணிக்கு வந்து சேர்கின்றன. கிளையண்டின் கணக்கில் வெள்ளி முதல் நாள், செவ்வாய் ஐந்தாம் நாள். அதாவது படம் கொடுத்த மறுநாளே முழு ப்ரோஷர். கேட்க அநியாயமாக இருக்கிறது; ஆனால் "5 நாட்களில் டெலிவரி" என்று மட்டும் எழுதியிருக்கும்போது அவர் எண்ணியதில் தவறு இல்லை.

### கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது?

"அட்வான்ஸும் மேலே சொன்ன எல்லாப் பொருட்களும் வந்து சேர்ந்ததிலிருந்து" என்று எழுதுங்கள். இங்கே முதல் அறிகுறியில் எழுதிய உள்ளீட்டுப் பட்டியல் உதவிக்கு வரும். அது இல்லாமல் "எல்லாப் பொருட்களும்" என்றால் மறுபடியும் எது எல்லாம் என்று கேள்வி வரும். எல்லாம் கைக்கு வந்ததும், "இன்று முழுமையாகக் கிடைத்தது, டெலிவரி இந்தத் தேதி" என்று ஒரு வரி மெயில் போடுவதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

### நாள் என்றால் எந்த நாள்?

வேலை நாட்கள் எவை என்று கிழமை பெயர் சொல்லி எழுதுங்கள். நாள் எத்தனை மணிக்கு மூடுகிறது என்பதும் வேண்டும்: "திங்கள் முதல் வெள்ளி வரை வேலை நாட்கள். பகல் 12 மணிக்குப் பிறகு கிடைப்பது மறுநாள் கணக்கு. டெலிவரி கடைசி நாள் மாலை 6 மணிக்குள்." வேறு நாட்டுக் கிளையண்டுகள் இருந்தால் யாருடைய நேரம் என்பதையும் சேர்க்க வேண்டும்.

இதை வைத்து மேலே உள்ள சம்பவத்தை எண்ணிப் பாருங்கள். படம் திங்கள் 3 மணிக்கு வந்ததால் செவ்வாய்தான் முதல் நாள். புதன், வியாழன், வெள்ளி, அப்புறம் அடுத்த திங்கள் ஐந்தாம் நாள். கிளையண்ட் எதிர்பார்த்ததற்கும் இதற்கும் ஆறு நாள் வித்தியாசம். யாரும் சோம்பேறியாக இருக்கவில்லை, யாரும் பொய் சொல்லவும் இல்லை.

### அன்றைக்கு வரப்போவது என்ன?

ஐந்தாம் நாள் கிடைப்பது முதல் டிராஃப்டா, அச்சுக்குப் போகும் இறுதி ஃபைலா? இதை எழுதாத கார்டுகள்தான் அதிகம். திருத்தச் சுற்று எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது கிளையண்ட் கையிலும் இருப்பதால் இறுதி ஃபைலுக்கு நீங்கள் தனியாக நாள் குறிக்க முடியாது. கட்டம் கட்டமாகச் சொல்லுங்கள்: மாதிரி 2 வேலை நாள், மாதிரிக்கு ஒப்புதல் வந்த பின் முழு டிராஃப்ட் 3 வேலை நாள், ஒவ்வொரு சுற்றும் 2 வேலை நாள். "கிளையண்டின் பதிலுக்குக் காத்திருக்கும் நாட்கள் கணக்கில் சேராது" என்ற வரியும் கூடவே.

### அவசர வேலை

அவசரக் கட்டணம் வாங்குகிறீர்கள் என்றால் எத்தனை வேலை நாளுக்குக் குறைந்தால் அவசரம் என்று எண் போட வேண்டும். நீங்கள் தாமதித்தால் அந்தக் கூடுதல் தொகை கிடையாது என்றும் எழுதுங்கள். அப்படி எழுதத் தயக்கமாக இருந்தால் அந்த வேகத்தை விற்காமல் இருப்பதே மேல்.

கிளையண்ட் தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்கும் நிபந்தனை வைத்தால் கார்டை மூடிவிட்டு வழக்கறிஞரிடம் போங்கள். அதில் நீங்களாக வார்த்தை போடுவது ஆபத்து.

## அறிகுறி 4: வேலை முடிந்தது, பணம் வரவில்லை

### "முடிந்ததும்" என்பதை யார் சொல்வது?

ஃபைலை அனுப்பியதும் முடிந்தது என்கிறீர்கள் நீங்கள். அச்சாகிக் கைக்கு வந்தால்தான் முடிந்தது என்கிறார் அவர். அச்சு அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப்போனால் உங்கள் மீதிப் பணமும் கூடவே போகும். கிளையண்ட் கையில் மட்டும் இருக்கும் எந்த நிகழ்வோடும் பணத்தைக் கட்டாதீர்கள். "இறுதி டிராஃப்டுக்கு ஒப்புதல் தந்ததும், அல்லது 10 வேலை நாள் கெடு முடிந்ததும், மீதி 50%-க்கு இன்வாய்ஸ் வரும். இன்வாய்ஸ் தேதியிலிருந்து 7 நாளில் பணம் வர வேண்டும். அச்சு ஃபைல் அதன் பிறகு." டிராஃப்டைத் திரைக்கான குறைந்த தரப் பிடிஎஃப்பாகவே அனுப்பிவந்தால் கடைசி வாக்கியத்துக்குப் பல் இருக்கும்.

### 30 நாள் எங்கிருந்து?

பெரிய நிறுவனங்கள் 7 நாளுக்கு ஒத்துக்கொள்ளாது, 30 நாள் என்பார்கள். சரி என்று சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இன்வாய்ஸ் தேதியிலிருந்தா, மாதக் கடைசியிலிருந்தா? மார்ச் 3 தேதியிட்ட இன்வாய்ஸுக்கு முதல் கணக்கில் ஏப்ரல் 2, இரண்டாவதில் ஏப்ரல் 30. ஒரே "30 நாள்"தான்.

### கைக்கு வந்த தொகை குறைகிறது

வங்கிக் கட்டணம் யாருடையது, தொகையில் வரி அடக்கமா, தனியா என்ற இரண்டும் எழுதப்படாததால் வருவது இது. கார்டின் அடியில் ஒரு வரி போதும். வெளிநாட்டுக் கிளையண்ட் வரி பிடித்துக்கொண்டு அனுப்புகிறார் என்றால் கணக்காளரைப் பாருங்கள். அதைத் திரும்பப் பெற முடியுமா என்பது இரண்டு நாட்டுச் சட்டத்தையும் பொறுத்தது.

### பாதியில் நின்றுபோனது

அட்வான்ஸ் திரும்பத் தரப்படுமா? "வேலை தொடங்கிய பின் நிறுத்தினால் அட்வான்ஸ் திரும்பாது, முழு டிராஃப்ட் தந்த பின் நிறுத்தினால் மொத்தக் கட்டணத்தில் 80%" என்று கட்டத்தோடு சேர்த்து எழுதுங்கள். நிறுத்துவது நீங்களாக இருந்தால் என்ன என்பதையும் சொல்ல வேண்டும்; பெரும்பாலான கார்டுகளில் அது இருக்காது.

தாமத வட்டி போடலாமா? அதற்கு உச்சவரம்பும் நிபந்தனையும் இடத்துக்கு இடம் மாறும். அந்த ஒரு எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

## திருத்திய பதிவு

இதுவரை பார்த்ததையெல்லாம் சேர்த்தால் முதலில் பார்த்த நான்கு வாக்கியம் இப்படி ஆகிறது:

> ப்ரோஷர் வடிவமைப்பு: A4, 8 பக்கம், அட்டை உட்பட. பக்கம் குறைந்தாலும் கட்டணம் இதுவே. கூடும் ஒவ்வொரு 4 பக்கத்துக்கும் 45%.
> நீங்கள் தருவது: பிழை பார்த்த பிரதி ஒரே ஃபைலில், 300 டிபிஐ படங்கள், ஒப்புதல் தருபவரின் பெயர்.
> நான் தருவது: அச்சு பிடிஎஃப் 1, திரை பிடிஎஃப் 1. மூல ஃபைல் அடங்காது.
> திருத்தம்: 2 சுற்று அடக்கம். ஒரு டிராஃப்ட் மீதான எல்லாக் குறிப்பும் சேர்ந்து ஒரு சுற்று. என் பிழை சேராது. மேற்கொண்டு சுற்றுக்கு 15%.
> நேரம்: அட்வான்ஸும் பொருட்களும் சேர்ந்ததிலிருந்து மாதிரி 2, ஒப்புதலுக்குப் பின் முழு டிராஃப்ட் 3, ஒவ்வொரு சுற்றும் 2 வேலை நாள்.
> பணம்: 50% தொடக்கத்தில், 50% ஒப்புதல் வந்ததும், இன்வாய்ஸ் தேதியிலிருந்து 7 நாளில். அச்சு ஃபைல் அதன் பிறகு.

வேலை நாள் எது, 10 நாள் கெடு, மாதிரிக்குப் பின் மாற்றம், நிறுத்தினால் என்ன, வரி, வங்கிக் கட்டணம் எல்லாம் எல்லாப் பதிவுக்கும் பொது என்பதால் கார்டின் பின்பக்கத்துக்குப் போகட்டும். ஒரு நிபந்தனை ஓர் இடத்தில் மட்டும் இருக்க வேண்டும். கார்டில் 7 நாள் என்றும் பழைய இன்வாய்ஸ் அச்சில் 15 நாள் என்றும் இருந்தால் கிளையண்ட் 15-ஐத்தான் எடுப்பார். மெயில் வார்ப்புரு, இன்வாய்ஸ், உங்கள் இணையப் பக்கம் மூன்றிலும் பழைய எண்களைத் தேடி மாற்றுங்கள்.

## அறிகுறி 5: "இந்த கார்டை நாங்க பார்க்கவே இல்லையே"

வாசகம் எல்லாம் சரியாக இருந்தும் வரும் கோளாறு இது.

எளிய காரணம், கிளையண்டிடம் இருப்பது போன வருடத்துக் கார்டு. அடியில் பதிப்பு எண், தேதி, எந்தத் தேதி வரை செல்லும் என்ற மூன்றும் இருக்க வேண்டும். ஃபைல் பெயரிலும் பதிப்பு எண்ணைப் போடுங்கள்.

அடுத்த காரணம், கார்டு அனுப்பப்பட்டது, ஆனால் இந்த வேலையோடு அது சேர்க்கப்படவில்லை. ரேட் கார்டு தன்னளவில் ஒரு விலைப்பட்டியல்தான். அனுப்பியதாலேயே அது ஒப்பந்தம் ஆகிவிடாது. ஒவ்வொரு வேலையின் தொடக்கத்திலும் போகும் மெயிலில் கார்டை இணைத்து, "இந்த வேலைக்கு இணைப்பில் உள்ள ரேட் கார்டு பதிப்பு 4-இன் நிபந்தனைகள் பொருந்தும். சரி என்று பதில் அனுப்பினால் தொடங்குகிறேன்" என்று எழுதுங்கள். "சரி" வரும் வரை தொடங்காதீர்கள். அட்வான்ஸ் வந்துவிட்டதே என்று தோன்றும். அட்வான்ஸ் எதற்கு வந்தது என்பதை அந்த மெயில்தான் சொல்லும்.

செலவு வைக்கும் காரணம், கிளையண்ட் தன் நிறுவனத்தின் ஒப்பந்தத்தை அனுப்பிக் கையெழுத்துக் கேட்பது. அதில் எங்காவது, மற்ற ஆவணங்களோடு முரண்பட்டால் இதுவே செல்லும் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி இருக்கும்வரை உங்கள் கார்டில் நீங்கள் செய்த திருத்தம் எதுவும் நிற்காது. முதலில் சுற்று, நாள், பணம் மூன்றையும் ஒப்பந்தத்துக்குள்ளேயே அல்லது அதன் இணைப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள். பல சமயம் ஒப்புக்கொள்வார்கள். மறுத்தால், அல்லது மூன்றாம் நபர் தொடுக்கும் வழக்கின் செலவை நீங்கள் ஏற்க வேண்டும் என்ற மாதிரி வரிகள் இருந்தால், வழக்கறிஞரிடம் போகும் நேரம் வந்துவிட்டது.

போகும்போது "இதைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கொடுத்தால் முழு ஒப்பந்தத்தையும் படிக்கும் கட்டணம் ஆகும். கார்டு, ஒப்பந்தம் இரண்டையும் எடுத்துக்கொண்டு, முரண்படும் வரிகளுக்கு எண் போட்டு, கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள்: எந்த ஆவணம் செல்லும், எவ்வளவு வரை நான் பொறுப்பு, உரிமை எப்போது கை மாறுகிறது.